48 வீடுகள், 7 மின்வண்டிகள்: சார்ஜிங் செலவை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: சென்னையில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் இருக்கிறோம். எங்களில் ஏழு பேரிடம் மின்வண்டி இருக்கிறது: மூன்று கார், நான்கு ஸ்கூட்டர். பார்க்கிங்கில் சார்ஜிங் பாயிண்ட் கேட்டால், "ஏழு பேருக்காக 48 வீடும் ஏன் காசு போட வேண்டும்? எல்லோரும் வண்டி வாங்கினால் லோடு தாங்குமா?" என்று சங்கத்தில் கேட்கிறார்கள். "எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்துக்கொள்கிறோம்" என்றாலும் ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாமல் என்ன கேட்கலாம், எப்படி எழுதிக் கொடுக்கலாம்?

பதில்:

உங்கள் சங்கம் கேட்கும் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் எண்களோடு பதில் இருந்தால்தான் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறும். மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்படி, வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலிருந்தே சொந்த வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம். 2024இல் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகளில், வண்டிக்கென்று தனி இணைப்பு கேட்டாலும் தர வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். ஆனால் உங்கள் மீட்டருக்கும் பார்க்கிங்குக்கும் நடுவே இருக்கும் சுவரும் கூரையும் 48 பேருக்கும் பொது. ஸ்டில்ட் பார்க்கிங்கும் பொது இடம்தான், பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருக்கிறது. அதனால் சட்டத்தைக் காட்டி சண்டை போடுவதைவிட, சங்கத்தைக் கூட்டாளியாக வைத்துச் செய்வதுதான் நடக்கிற காரியம். இந்த வேலைகளைப் பல குடியிருப்புகளில் செய்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தகராறு வருவது பெரும்பாலும் கரண்ட் காசில் இல்லை. முதலில் போடும் கேபிள் யாருடையது என்பதில்தான் வருகிறது.

அதற்கு முன் "என் மீட்டரிலிருந்தே இழுக்கிறேன்" என்ற யோசனையைப் பார்த்துவிடுவோம். சொந்த மீட்டர் என்றால் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள், எல்லா வீட்டுக்கும் அது உண்மையில்லை. கணக்கு எளிதாக இருக்க 2022 செப்டம்பரில் வந்த விகிதங்களையே எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் கட்டணம் ஏறியிருக்கிறது, உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 படியே போய்விடும், 101இலிருந்தே 4.50. அதற்கு மேல் 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதையும் தாண்டினால் 11.

இப்போது ஒரு வீடு இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். பில் 1,605 ரூபாய். மாதம் 900 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும் கார் இரண்டு மாதத்தில் சுமார் 300 யூனிட் குடிக்கும். 780 யூனிட்டுக்கு பில் 4,370. அதாவது காருக்காகக் கூடுதலாகக் கட்டியது 2,765 ரூபாய், யூனிட்டுக்கு 9.20 ரூபாய்க்கு மேல். அதே வீட்டில் ஸ்கூட்டருக்கு 50 யூனிட் மட்டும் கூடி 530 ஆனால் பில் 2,190. வெறும் 50 யூனிட்டுக்கு 585 ரூபாய் ஏறுகிறது, யூனிட் 11.70! 500ஐத் தாண்டியதற்குக் கொடுக்கும் விலை அது. ஆனால் 350 யூனிட் மட்டும் எடுக்கும் சின்னக் குடும்பத்துக்கு அதே ஸ்கூட்டர் யூனிட்டுக்கு 4.50தான் ஆகும். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஓடும் பொதுச்சேவை இணைப்பில் அப்போது யூனிட் 8 ரூபாய், அதோடு கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், கார் வைத்திருப்பவருக்கு இரண்டு வழிக்கும் இரண்டு மாதத்தில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். யூனிட் விலையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தேர்ந்தெடுக்க வேண்டியது தூரத்தைப் பார்த்து. மீட்டர் போர்டுக்கும் உங்கள் பார்க்கிங்குக்கும் இருபது மீட்டருக்குள் இருந்தால் சொந்த மீட்டர் வழி சுலபம். பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள சின்ன அடுக்குமாடிகளில் மீட்டர்கள் ஸ்டில்ட்டிலேயே இருக்கும், அங்கே வேறெதுவும் யோசிக்கவே வேண்டாம். 48 வீடுகளுக்கு அப்படி இருக்காது. ஒரு மூலையில் மீட்டர் அறை இருக்கும், கடைசி பார்க்கிங் அறுபது மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு எலக்ட்ரீஷியன் வழக்கம்போல 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை இழுத்துவிட்டுப் போனால், கார் 3.3 கிலோவாட் எடுக்கும்போது வழியிலேயே 14 வோல்ட் விழுந்துவிடும். அது சுமார் 200 வாட், சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் கம்பியைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், அதற்கும் நீங்கள்தான் காசு கட்டுவீர்கள். குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அப்புறம், இன்று ஏழு பேர் ஏழு கம்பி இழுத்தால் நாளைக்கு இருபது பேர் இருபது கம்பி இழுப்பார்கள். கூரையில் எது யாருடைய கம்பி என்று யாருக்கும் தெரியாது. உங்கள் சங்கம் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதுவாக இருந்தால், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

ஆகவே உங்கள் அளவுள்ள குடியிருப்புக்கு நான் சொல்வது ஒரே ஒரு பெரிய கேபிள். ஈபி பேனலிலிருந்து ஸ்டில்ட்டின் நடுவே வண்டிகளுக்கென்று ஒரு தனி விநியோகப் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் சின்னக் கம்பி. ஜெனரேட்டர் இருந்தால், அதற்கு மாற்றும் சுவிட்சுக்கு முன்பே இந்த கேபிளைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மின்தடை நேரத்தில் சங்கத்து டீசலில் உங்கள் கார் சார்ஜ் ஆகும், அதைவிடப் பெரிய சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம்.

லோடு தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாங்காது என்று சொல்பவர்கள் எல்லா காரும் ஒரே நேரத்தில் முழு பேட்டரியையும் நிரப்புவதாகக் கணக்குப் போடுகிறார்கள். ஊருக்குள் ஓடும் கார் ஒரு நாளைக்கு 30, 35 கிலோமீட்டர் போகும். அதற்கு 6 யூனிட் போதும். 15 ஆம்பியர் பாயிண்ட் 3.3 கிலோவாட் தரும், ஆக இரண்டு மணி நேர வேலை. இரவு எட்டு மணி நேரத்தில் ஒரே பாயிண்ட் நான்கு காருக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டும் என்று கார் வாங்கியவர்கள் ஆசைப்படுவார்கள், கார் கம்பெனியே கொடுத்தும் இருக்கலாம். வீட்டில் இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு அது தேவையில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் 3.3க்கு ஒத்துக்கொண்டால் மொத்தச் செலவும் பாதிக்குப் பாதி இறங்கும்.

மூன்று ஃபேஸில் 40 ஆம்பியர் தாங்கும் கேபிள் ஒன்று போட்டால் தாராளமாக 24 கிலோவாட் எடுக்கலாம். ஏழு கார் ஒரே நேரத்தில் சொருகினாலும் 23தான். வரிசையாக, ஒன்று முடிந்து ஒன்று என்று நேரம் வைத்துக் கொடுத்தால் ஓர் இரவில் முப்பது காருக்குக்கூடத் தினசரித் தேவையைக் கொடுக்கலாம். 48 வீடுகளுக்குப் பல வருஷம் போதும்.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேபிளை இப்போதே பெரியதாகப் போடுங்கள், மின்வாரியத்தில் அனுமதி வாங்கும் லோடை மட்டும் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். கேபிளை இரண்டாம் முறை இழுத்தால் ஆள்கூலி, தோண்டுவது, பூசுவது எல்லாம் இரண்டாம் முறை. லோடு ஏற்றுவதற்கு ஒரு விண்ணப்பமும் கட்டணமும் போதும். பொது இணைப்பில் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு வாரம் மாலை ஏழு மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் அதிகாலையிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று ஃபேஸையும் படித்து எழுதினால் போதும், பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். உதாரணமாக அனுமதித்த லோடு 20 கிலோவாட், மாலையில் லிஃப்ட்டும் மோட்டாரும் சேர்ந்து 13 போகிறது, இரவு பதினொன்றுக்கு மேல் 6தான் என்று வந்தால், உங்கள் வண்டிகளுக்கு வேண்டிய 11 கிலோவாட்டை இரவில் லோடு ஏற்றாமலே எடுத்துக்கொள்ளலாம். மாலையில் எடுத்தால் 24 ஆகிவிடும், கூடாது. அந்த விநியோகப் பெட்டியில் டைமர் வைத்து இரவு பதினொன்று முதல் காலை ஐந்தரை வரை மட்டும் கரண்ட் வரும்படி செய்துவிடுங்கள். "பார்த்து நடந்துகொள்வோம்" என்று வாய்மொழியாக விடாதீர்கள். நாலாவது மாதம் யாராவது ஒருவர் அவசரம் என்று மாலையில் சொருகுவார், மெயின் ட்ரிப் ஆகும், லிஃப்ட்டில் யாரோ மாட்டுவார்கள்.

இனி காசு. செலவை மூன்றாகப் பிரித்தால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். பேனலிலிருந்து பெட்டி வரைக்குமான பெரிய கேபிள், பெட்டி, எர்த், இதெல்லாம் பொது. பெட்டியிலிருந்து உங்கள் சுவர் வரைக்குமான கம்பி, சாக்கெட், சப் மீட்டர், பாதுகாப்பு சுவிட்ச் எல்லாம் முழுக்க உங்கள் செலவு, அதில் சங்கம் ஒரு ரூபாய் போட வேண்டாம். மூன்றாவது மாதாமாதம் கரண்ட்.

பொது பகுதிக்கு 2,40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், உங்கள் கட்டடத்துக்கு என்ன என்பதை மூன்று இடத்தில் மதிப்பீடு வாங்கினால் தெரிந்துவிடும். 48ஆல் வகுத்தால் வீட்டுக்கு 5,000. "எல்லோருக்கும் சொத்துதானே, எல்லோரும் போடட்டும்" என்று கேட்டால் ஓய்வூதியத்தில் இருக்கும், வண்டியே இல்லாத பெரியவர் எதிர்ப்பார், எதிர்க்கத்தான் செய்வார். ஏழு பேரே போடுங்கள் என்றால் தலைக்கு 34,000க்கு மேல். எட்டாவது ஆள் அடுத்த வருஷம் கார் வாங்கி வந்து "எனக்கும் ஒரு பாயிண்ட்" என்பார், "நாங்கள் போட்ட கேபிள்" என்று நீங்கள் சொல்வீர்கள். சங்கத்துக்குள் இன்னொரு சங்கம் உருவாகிவிடும். இதைப் பார்த்திருக்கிறேன், கசப்பு வருஷக்கணக்கில் போகாது.

நான் பரிந்துரைப்பது கிலோவாட் பங்கு முறை. கேபிள் சங்கத்தின் சொத்து. அதன் 24 கிலோவாட்டை 24 பங்காக்குங்கள், ஒரு பங்கு 10,000 ரூபாய். கார் பாயிண்ட் ஒன்றுக்கு மூன்று பங்கு, அதாவது 30,000. ஸ்கூட்டருக்குத் தனித்தனி பாயிண்ட் தேவையே இல்லை. நான்கைந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும், தினமும் சார்ஜ் போடவும் வேண்டாம். ஒரு பாயிண்ட்டை இரண்டு பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயன்படுத்தலாம். ஆக நான்கு ஸ்கூட்டருக்கு இரண்டு பங்கு, ஆளுக்கு 5,000. மூன்று காருக்கு 90,000, ஸ்கூட்டர்களுக்கு 20,000, மொத்தம் 1,10,000 ரூபாயை ஏழு பேரும் கேபிள் போடும் முன்பே கட்டிவிடுகிறீர்கள். மிச்சம் 13 பங்கு, 1,30,000 ரூபாய். இதைச் சங்கம் கார்பஸ் ஃபண்டிலிருந்து முன்பணமாகப் போடுகிறது. வீட்டுக்கு 2,700 ரூபாய் சொச்சம், ஆனால் யார் கையிலிருந்தும் இப்போது பணம் வாங்குவதில்லை.

பிறகு வருகிறவர் அதே 10,000க்கு அதே பங்கை வாங்குகிறார். கூடவே, சங்கத்தின் பணம் வங்கி வைப்பில் இருந்திருந்தால் என்ன வட்டி வந்திருக்குமோ அதையும் சேர்த்துக் கட்டுகிறார். உதாரணமாக, வட்டி 7 சதவீதம் என்றால், இரண்டு வருஷம் கழித்து கார் வாங்குபவர் மூன்று பங்குக்கு 34,000 ரூபாய் அளவில் கட்டுவார். அந்தப் பணம் நேராக கார்பஸ் ஃபண்டுக்குப் போகும். 24 பங்கும் போய்விட்டால் சங்கம் போட்ட பணம் வட்டியோடு திரும்பிவிட்டது. முதலில் வந்தவர் ஏமாளியும் இல்லை, பின்னால் வந்தவர் ஓசியில் ஏறிக்கொண்டவரும் இல்லை. வண்டி இல்லாதவருக்குக் கடைசிவரை செலவில்லை. மீதி பங்குகள் விற்காமலே போனால் என்ன என்று பொருளாளர் கேட்பார். அந்த அபாயம் உண்மையானது, 1,30,000 ரூபாய் அளவுக்கு அதை எல்லோரும் சேர்ந்து தாங்குகிறார்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அதையும் தாங்க மனமில்லை என்றால், கேபிளைச் சின்னதாக்குவதற்குப் பதில் ஏழு பேரும் கூடுதல் பங்கை முன்கூட்டியே வாங்கி, பின்னால் வருகிறவரிடமிருந்து சங்கம் வழியாகத் திரும்பப் பெறலாம் என்று எழுதிவிடுங்கள்.

24 பங்கும் தீர்ந்த பிறகு வருகிறவரை என்ன செய்வது? அப்போதுதான் வரிசை முறை தேவைப்படும். டைமரை இரண்டு வேளையாகப் பிரித்தோ, லோடைத் தானாகப் பகிரும் சார்ஜர்கள் வைத்தோ அதே கேபிளில் இன்னும் பலரைச் சேர்க்கலாம். அவர்கள் கட்டும் பங்குப் பணம் அந்தக் கருவிகளுக்குப் போகட்டும். இந்த ஒரு வரியை இப்போதே தீர்மானத்தில் சேர்த்துவிட்டால், "என் பங்கு, என் நேரம்" என்று யாரும் பின்னால் பிடிவாதம் பிடிக்க முடியாது.

மாதாமாதக் கரண்ட் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விநியோகப் பெட்டியில் மொத்தத்துக்கு ஒரு மீட்டர், ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு சப் மீட்டர் வேண்டும். இரண்டும் ஒருபோதும் சரியாக ஒத்துப்போகாது, கம்பியில் கொஞ்சம் போகும், மீட்டர்களுக்குள்ளும் சின்ன வித்தியாசம் இருக்கும். சப் மீட்டரை யூனிட் 8 ரூபாயால் பெருக்கினால் அந்த வித்தியாசத்தை மற்ற 41 வீடுகள் கட்டுகின்றன. மொத்த மீட்டர் 1,120 காட்டுகிறது, சப் மீட்டர்கள் கூட்டினால் 1,095 என்று வையுங்கள். 1,120 யூனிட்டின் விலை 8,960 ரூபாய். அதை 1,095ஆல் வகுத்தால் யூனிட் 8.18. அதுதான் உங்கள் விலை. நிலைக்கட்டணத்தைப் பங்கு அடிப்படையில் கட்டுங்கள். உங்கள் பில்லில் கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் கார்க்காரர் மாதம் 300, ஸ்கூட்டர்க்காரர் 50. லோடு ஏற்றாமல் தொடங்கினாலும் இதைக் கட்டுங்கள் என்பேன். ஏழு பேரிடமிருந்து மாதம் 1,100 ரூபாய் பொதுக் கணக்குக்கு வருகிறது, அந்த அளவுக்கு மற்றவர்களின் மெயின்டனன்ஸ் சுமை குறைகிறது. பொதுக்குழுவில் எதிர்ப்பு இறங்குவது பெரும்பாலும் இந்த வரியில்தான். இரண்டு மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் எங்கேயோ சப் மீட்டரைத் தாண்டி இழுக்கிறார்கள், அல்லது ஒரு மீட்டர் கெட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு உடனே பார்க்க வேண்டும்.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். பொதுச்சேவை இணைப்பிலிருந்து, குடியிருப்பவர்களின் வண்டிக்கு மட்டும், லாபமில்லாமல் சப் மீட்டர் வைத்துக் கொடுக்கப் போகிறோம், இதற்கு எந்தக் கட்டண வகை என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதாக முடிவு செய்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போட முடியும், அந்த பில் சங்கத்தின் பெயருக்கு வரும். மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பே எடுங்கள் என்று சொன்னாலும் மேலே சொன்ன பங்கு முறை மாறாது, யூனிட் விலை மட்டும் மாறும். வெளியாள் வண்டிக்குக் காசு வாங்கி சார்ஜ் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

பாதுகாப்பைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, ஆனால் நாலு விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனி சுற்று, தனி 30 மில்லியாம்பியர் கசிவு காப்பு சுவிட்ச். அது "ஏ" வகையாக இருக்க வேண்டும். கடையில் கேட்காமல் வாங்கினால் கிடைப்பது "ஏசி" வகை, வண்டி சார்ஜரிலிருந்து வரும் நேர்மின்னோட்டம் கலந்த கசிவை அது பார்க்காமல் விட்டுவிடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, மத்திய மின்சார ஆணையத்தின் விதியே அதைத் தடை செய்கிறது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். சென்னையில் அது போதாது. 2015இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் உங்கள் ஸ்டில்ட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், சுவரில் கறையே இருக்கும். பெட்டியும் சாக்கெட்டும் அதற்கு மேலே இருக்கட்டும், மெயினை அணைக்கும் சுவிட்ச் தண்ணீருக்குள் இறங்காமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீட்டு கீசரைப் போல அரை மணியில் இது அணைவதில்லை, 15 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும். சாதாரண சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்தால், பின் நுழையும் ஓட்டையைச் சுற்றி முதலில் மஞ்சளாக ஒரு வளையம் தெரியும், அப்புறம் பழுப்பாகும், பிளாஸ்டிக் கருகிய வாடை வரும். சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அணைத்துவிட்டு பிளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, பிடிக்க முடியாத சூடு என்றால் அன்றே மாற்ற வேண்டும். தொழிற்சாலைகளில் போடும் நீல நிற 16 ஆம்பியர் உருளை சாக்கெட் கொஞ்சம் விலை கூடுதல், அதைப் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். காரின் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுத்தால் பத்துக்கு எட்டு முறை எர்த் சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைப் பாருங்கள், காரை சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள்.

மனுவில் உணர்ச்சியும் வேண்டாம், சுற்றுச்சூழல் பாடமும் வேண்டாம். செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம், அதோடு மூன்று மதிப்பீடு, ஒரு வார லோடு அளவு, பார்க்கிங் வரைபடத்தில் கேபிள் போகும் வழி. பொதுக்குழுவுக்கு வைக்க வேண்டிய தீர்மானத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இப்படி இருக்கலாம்:

"குடியிருப்போரின் மின்வாகனங்களுக்காக ஸ்டில்ட் பார்க்கிங்கில் 24 கிலோவாட் திறனுள்ள தனி கேபிளும் விநியோகப் பெட்டியும் அமைக்கப்படும். இவை சங்கத்தின் சொத்து. இதன் செலவு 24 பங்குகளாகப் பிரிக்கப்படும். பாயிண்ட் பெறும் வீட்டு உரிமையாளர் உரிய பங்குத் தொகையை முன்கூட்டியே செலுத்துவார். விற்காத பங்குகளின் தொகையை கார்பஸ் ஃபண்ட் முன்பணமாக ஏற்கும். பின்னர் சேருவோர் அதே தொகையை வைப்பு வட்டியுடன் செலுத்துவர், அது கார்பஸ் ஃபண்டில் சேரும். பெட்டியிலிருந்து பாயிண்ட் வரையிலான முழுச் செலவும் பராமரிப்பும் அந்த வீட்டைச் சேர்ந்தது. மின்கட்டணம், கம்பி இழப்பு, நிலைக்கட்டணம் ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் மட்டுமே ஏற்பர். சார்ஜிங் நேரத்தையும் வரிசையையும் சங்கம் மாற்றியமைக்கலாம். பங்கு வீட்டைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததல்ல. வீட்டை விற்றால் வாங்குபவருக்குப் போகும், தனியாக விற்க இயலாது."

கடைசி வரியை யாரும் முதலில் யோசிப்பதில்லை, ஆனால் வாடகைக்காரர் விஷயத்தில் அதுதான் கைகொடுக்கும். வாடகைக்கு இருப்பவர் 30,000 கொடுத்துப் பங்கு வாங்கிவிட்டு அடுத்த வருஷம் காலி செய்தால் யார் திருப்பித் தருவது? பங்குப் பணம் வீட்டு உரிமையாளருடையது, யூனிட் காசும் நிலைக்கட்டணமும் குடியிருப்பவருடையது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலும் அவரிடமிருந்து மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிய பிறகே பாயிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஏழு பேரில் யாராவது வாடகைக்கு இருந்தால் அந்த ஒப்புதலை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பொதுக்குழுவுக்குள் கையில் இருக்க வேண்டும்.